‘அந்த’ உலகம், ‘உன்’ உலகம்

அரங்கில் பள்ளிக் குழந்தைகள் உட்கார்ந்திருந்தார்கள். திரையில் ஓடிய படம் இன்னும் முழுமையாகத் தயாராகவில்லை. சில இடங்களில் வண்ணம் இருந்தது, பல இடங்களில் வெறும் பென்சில் கோட்டோவியங்களே வந்துபோயின. கடலடிக் குகையில் ஒரு கடல்கன்னி தனியாகப் பாடும் இடம் வந்தது. மெதுவான பாட்டு. ஒரு சிறுவன் பாப்கார்னைக் கீழே கொட்டிவிட்டான். அவன் கவனம் திரையை விட்டுத் தரைக்குப் போனது. பார்த்துக்கொண்டிருந்த டிஸ்னி ஸ்டுடியோ தலைவர் ஜெஃப்ரி காட்சன்பெர்க், பாட்டு குழந்தைகளைச் சலிக்க வைக்கிறது, தூக்கிவிடலாம் என்றார்.

படம் 1989இல் வெளியான ‘தி லிட்டில் மெர்மெய்ட்’. பாட்டு ‘பார்ட் ஆஃப் யுவர் வேர்ல்ட்’. எழுதியவர் ஹோவர்ட் ஆஷ்மன், இசையமைத்தவர் ஆலன் மென்கன்.

பாட்டை வெட்டக் கூடாது என்று ஆஷ்மன் விடாப்பிடியாக நின்றார். இயக்குநர்கள் ரான் கிளெமென்ட்ஸும் ஜான் மஸ்கரும் அவர் பக்கம் நின்றார்கள். ஏரியல் என்ற அந்தக் கடல்கன்னியை வரைந்த கிளென் கீனும் சேர்ந்துகொண்டார். 1939இல் ‘தி விசார்ட் ஆஃப் ஓஸ்’ படத்தின் ‘ஓவர் தி ரெயின்போ’ பாட்டையும் இப்படித்தான் வெட்டப் பார்த்தார்கள் என்று நினைவூட்டினார்கள். கடைசியில் ஓவியங்களை இன்னும் கொஞ்சம் முடித்து, இன்னொரு முறை போட்டுக் காட்டினார்கள். இந்த முறை அரங்கு பாட்டோடு ஒன்றிப்போனது. பாட்டு தப்பியது.

அந்தப் பாட்டில் வெளியே தெரியும்படியான சம்பவம் எதுவும் நடப்பதில்லை. சண்டை இல்லை, துரத்தல் இல்லை. ஒரு பெண் பொருள்களைக் காட்டிப் பாடுகிறாள், அவ்வளவுதான். பிறகு ஏன் அதற்காக இத்தனை பேர் மல்லுக்கட்டினார்கள்? அனிமேஷன் படத்துக்குப் பாட்டெழுதும் வித்தையின் மையம் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

நம் சினிமாப் பாட்டுகளில் பலவற்றில் கதை சற்று நின்று மூச்சு வாங்கும். நாயகனும் நாயகியும் ஏற்கெனவே காதலிக்கிறார்கள், பாட்டு அந்தக் காதலைக் கொண்டாடும், முடிந்ததும் கதை விட்ட இடத்திலிருந்து தொடரும். ஆஷ்மன் வந்த நாடக மேடையின் மரபு வேறு. அங்கே பாட்டு என்பதும் ஒரு காட்சி. பாட்டின் முதல் வரியில் ஓரிடத்தில் இருக்கும் பாத்திரம் கடைசி வரியில் வேறோர் இடத்துக்கு வந்திருக்க வேண்டும், வந்த வழியே திரும்பிப் போகவும் முடியக் கூடாது. ஆஷ்மனும் மென்கனும் 1982இல் நியூயார்க்கில் மேடையேற்றிய ‘லிட்டில் ஷாப் ஆஃப் ஹாரர்ஸ்’ இந்த முறையில் வெற்றிபெற்ற இசை நாடகம். டிஸ்னிக்கு வந்தபின் ஆஷ்மன் அங்கிருந்த ஓவியர்களை உட்காரவைத்து, இசை நாடகம் எப்படி இயங்குகிறது என்று வகுப்பே எடுத்தார். நாடகத்தின் தொடக்கத்திலேயே நாயகி ஓரிடத்தில் உட்கார்ந்து, தனக்கு வாழ்க்கையில் என்ன வேண்டும் என்று பாடிவிடுவாள். அதன்பின் அவள் எங்கே போனாலும், எதில் மாட்டினாலும், எது கிடைப்பதற்காக என்று பார்ப்பவருக்குத் தெரியும். ஆங்கில நாடக வட்டாரத்தில் இதை ‘ஐ வான்ட்’ பாட்டு என்பார்கள். தமிழில் ‘ஆசைப் பாட்டு’ என்று சொல்லிக்கொள்ளலாம்.

ஏரியலின் ஆசைப் பாட்டை ஆஷ்மன் எப்படிக் கட்டியிருக்கிறார் என்று கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம்.

ஏரியல் சேர்த்துவைத்த சாமான்களைக் காட்டுவதில் பாட்டு தொடங்குகிறது. மூழ்கிய கப்பல்களிலிருந்து எடுத்த மனிதர்களின் பொருள்கள் குகையின் தட்டுகளில் அடுக்கியிருக்கின்றன. முதல் வரிகளில் தொனிப்பது ஒரு சேகரிப்பாளரின் பெருமை. எண்ணிக்கைகூடச் சொல்கிறாள். பார்ப்பவருக்கு ‘இவளுக்கு எல்லாம் இருக்கிறது’ என்று தோன்றும் சமயத்தில் மெட்டு தாழ்கிறது, எனக்கு இது போதாது என்கிறாள். பாட்டின் முதல் திருப்பம் இதுதான்.

அடுத்து அவள் விரும்புவது என்ன என்று சொல்ல வேண்டும். ‘எனக்கு விடுதலை வேண்டும்’ என்று நேரடியாக எழுதியிருந்தால் அது யார் வாயிலும் பொருந்தும். ஆஷ்மன் அவளைச் சொல் தெரியாமல் தவிக்கவிடுகிறார். கால் என்ற உறுப்புக்கு மனிதர்கள் வைத்த பெயரை நினைவுபடுத்திப் பார்க்கிறாள். நடந்துபோகும் வழிக்கு என்ன பெயர் என்று யோசிக்கிறாள். தீ எப்படி எரிகிறது என்று வியக்கிறாள். கடலுக்குள் பிறந்தவளுக்குத் தீ தெரியாது. இந்தத் திணறல் ஒரே நேரத்தில் பல வேலை செய்கிறது. அவள் எந்த உலகத்தைச் சேர்ந்தவள் என்பதையும், தான் ஏங்கும் உலகத்தை அவளுக்கு எவ்வளவு குறைவாகத் தெரியும் என்பதையும் சொல்லிவிடுகிறது. பின்னால் அவள் ஏமாறப்போகிறாள் என்பதற்கும் அங்கேயே வித்து விழுந்துவிடுகிறது. நடுவே அப்பாவைப் பற்றியும் ஒரு குத்தல் உண்டு. மேலே உள்ள அப்பாக்கள் மகள்களைக் கண்டிக்க மாட்டார்கள் என்று அவளாகவே நினைத்துக்கொள்கிறாள். சற்றுமுன்தான் அவள் தகப்பனிடம் திட்டு வாங்கியிருக்கிறாள். ஆக, ஆசைக்குப் பின்னால் இருக்கும் கோபமும் தனி வசனம் இல்லாமல் பாட்டுக்குள்ளேயே வந்துவிட்டது.

ஓவியர்களும் சும்மா இருக்கவில்லை. உச்ச வரியில் அவள் குகையின் மேல்திறப்பை நோக்கி எழும்பிப் போகிறாள், வெளிச்சத்துக்குக் கையை நீட்டுகிறாள், பிறகு மெல்லக் கீழே இறங்கிவிடுகிறாள். சொல் ஆசையைச் சொல்ல, உடல் தடையைக் காட்டுகிறது. பாட்டு ஓய்ந்த சிறிது நேரத்தில் மேலே ஒரு கப்பலின் நிழல் கடந்துபோகிறது. அவள் பாடிக் கேட்டதற்குக் கதை தரும் பதில் அந்தக் கப்பல். பாட்டை வெட்டியிருந்தால் கப்பல் வெறும் தற்செயலாகிவிடும்.

இந்தப் பாட்டின் நேர்த்தியான வேலை படத்தில் சற்றுத் தள்ளி வருகிறது. புயலில் மூழ்கவிருந்த இளவரசன் எரிக்கைக் காப்பாற்றிக் கரைசேர்த்தபின், அதே மெட்டில் ஏரியல் சில வரிகள் மட்டும் மீண்டும் பாடுவாள். குகையில் பாடியபோது, முடிவில் ‘அந்த’ உலகம் என்றுதான் சொல்லியிருந்தாள். கரையில் அது ‘உன்’ உலகம் ஆகிவிடுகிறது. மாறியது ஒரே சொல். ஓர் இடத்தின் மேல் இருந்த ஆசை ஓர் ஆளின் மேல் திரும்பிவிட்டது. இப்போது அவள் தேடிப்போவது நிலத்தை அல்ல, எரிக்கை. இத்தனைக்கும் பாட்டின் தலைப்பில் இருப்பது ‘உன்’ உலகம்தான். தலைப்பை முழுதாகப் பாடும் தருணத்தை ஆஷ்மன் குகையில் செலவழிக்காமல் இங்கே வரை சேமித்துவைத்திருக்கிறார்.

பாட்டை இவ்வளவு கவனமாக, இவ்வளவு முன்கூட்டியே எழுதுவதற்கு வேலை நடக்கும் முறையும் ஒரு காரணம். நடிகர்களை வைத்து எடுக்கும் படத்தில் படப்பிடிப்பு முடிந்தபிறகுகூடப் பாட்டைச் சேர்க்கலாம், சுருக்கலாம். அனிமேஷனில் பாட்டு முதலில், படம் பிறகு. ஸ்டோரிபோர்டு ஓவியங்களைச் சுவரில் ஒட்டிக் கதை பேசும்போதே, பாடலாசிரியர் பியானோ மட்டும் வைத்துப் பாடிய டெமோவை அதனோடு ஓட்டிப் பார்ப்பார்கள். சரிப்பட்டால் நடிகரின் குரலில் பதிவாகும். ஓவியர் அந்தக் குரலைக் கேட்டுத்தான் வாயசைவையும் உடலசைவையும் வரைவார். ஒரு நொடிக்கு 24 படம். தாளம் நிமிடத்துக்கு 120 அடி என்றால் ஓர் அடிக்கு 12 படம். ‘பார்ட் ஆஃப் யுவர் வேர்ல்ட்’ ஏறத்தாழ மூன்றேகால் நிமிடம், அதாவது திரையில் 4,600க்கும் மேற்பட்ட படங்கள். அத்தனையும் கையால் வரைந்த காலம் அது. வரைந்து முடித்தபின் ஒரு வரியை மாற்றுகிறேன் என்று பாடலாசிரியர் வந்து நின்றால், பலருடைய பல வார உழைப்பு குப்பைக்குப் போகும்.

குரல் பதிவும் அதே கவனத்தோடு நடந்தது. ஏரியலுக்குக் குரல் கொடுத்த ஜோடி பென்சன், கடலுக்கு அடியில் இருக்கும் உணர்வு வருவதற்காகப் பதிவறையின் விளக்குகளை அணைத்துவிட்டுப் பாடினார். ஆஷ்மன் அறைக்குள் அவர் பக்கத்திலேயே நின்று வரிக்கு வரி வழிநடத்தினார். கிளென் கீனுக்கு முதலில் வில்லி உர்சுலாவை வரையும் வேலைதான் வரவிருந்தது. பென்சன் பாடியதைக் கேட்டபின் ஏரியலை நான் வரைகிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டார்.

அந்த உர்சுலாவின் பாட்டு வேறு வகை. ஏரியலின் பாட்டில் மனம் மட்டுமே நகர்கிறது. ‘புவர் அன்ஃபார்ச்சுனேட் சோல்ஸ்’ பாட்டில் ஒரு பேரம் தொடங்கி, ஒப்பந்தம் கையெழுத்தாகி, கதாநாயகி உருமாறியே விடுகிறாள். ஏறத்தாழ ஐந்து நிமிடத்தில் இவ்வளவும். எழுதிப் பழகுபவர்கள் வரிவரியாகப் பிரித்துப் பார்க்க ஏற்ற பாட்டு இது.

சூனியக்காரி முதலில் தன் பெயரைச் சுத்தம் செய்கிறாள். நான் முன்னே பொல்லாதவள்தான், இப்போது திருந்திவிட்டேன், துன்பப்படுகிறவர்களுக்கு உதவுவதே என் வேலை என்கிறாள். அடுத்து சாட்சி. மெலிந்த ஒருவனையும் பருத்த ஒருத்தியையும் மாய உருவங்களாக எழுப்பி, அவர்கள் எப்படி அழகாகி ஒன்றுசேர்ந்தார்கள் என்று காட்டுகிறாள். அதோடு சேர்த்து, பேசியபடி விலை தராதவர்களுக்கு என்ன ஆனது என்பதையும் ஒப்புக்குச் சொல்லி நகர்ந்துவிடுகிறாள். சந்தையில் சரக்கு விற்பவர்களின் முறை இது: நம்பிக்கை, சாட்சி, பிறகு விலை.

விலை பேசும் இடத்தில் ஆஷ்மன் பாட்டை நிறுத்திவிடுகிறார். இசை அடியில் ஓடிக்கொண்டிருக்கிறது, உர்சுலா மட்டும் பாடாமல் பேசுகிறாள். மூன்று நாள் மனித உருவில் இருக்கலாம். மூன்றாம் நாள் சூரியன் மறைவதற்குள் இளவரசன் உண்மைக் காதலோடு முத்தமிட வேண்டும். நடந்தால் என்றைக்கும் மனுஷி. நடக்காவிட்டால் மறுபடி கடல்கன்னி, உர்சுலாவுக்குச் சொந்தம். படத்தின் மீதிப் பாதி முழுவதும் இந்த நிபந்தனைகளின் மேல்தான் நிற்கப்போகிறது. ஒரு குழந்தைக்கு ஒன்று காதில் விழாமல் போனாலும் கதை புரியாது. மெட்டுக்குள் அடைத்தால் எதுகைக்காகவும் அசைக்காகவும் சொற்கள் வளையும், இழுத்துப் பாடும்போது தெளிவு குறையும். ஆகவே கணக்கு பேச்சில், மயக்கு பாட்டில் என்று பிரித்திருக்கிறார். பாட்டெழுத உட்காருகிறவர்கள் சறுக்கும் இடங்களில் இது முக்கியமானது என்பேன். தகவல் எல்லாவற்றையும் வரிகளுக்குள் திணிப்பார்கள். திரையரங்கில் கேட்பவருக்குத் திரும்பப் படித்துப் பார்க்கும் வசதி கிடையாது.

விலை என்ன என்று தெரிந்ததும் ஏரியல் கேட்கும் கேள்வி நியாயமானது: குரலைக் கொடுத்துவிட்டால் அவனிடம் எப்படிப் பேசுவேன்? பாட்டு மீண்டும் தொடங்குவது அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான். ஆண்களுக்குப் பேச்சு பிடிக்காது, முகமும் உடலும் போதும் என்று உர்சுலா இரண்டாம் சரணத்தில் அவளைக் கரைக்கிறாள். முதல் சரணத்தின் மெட்டு, வாதம் புதிது. இரண்டாம் சரணம் முதல் சரணத்தையே வேறு சொற்களில் சொன்னால் கதை அங்கேயே உட்கார்ந்துவிடும். இங்கே எதிராளி எழுப்பிய தடையை அது உடைக்கிறது. தாளம் வேகமெடுக்கிறது, யோசிக்க இடம் கொடுக்காமல் நெருக்குகிறாள். ஏரியல் முகத்தைத் திருப்பிக்கொண்டு கையெழுத்திடுகிறாள். பிறகு மந்திரம். பாடு என்கிறாள் உர்சுலா, ஏரியல் பாடப் பாட அவள் குரல் ஒளியாகத் தொண்டையை விட்டு வெளியேறி ஒரு சிப்பிக்குள் அடைபடுகிறது.

ஆன்டர்சன் 1837இல் வெளியிட்ட மூலக்கதையில் சூனியக்காரி கடல்கன்னியின் நாக்கை அறுத்துவிடுவாள். படத்திலோ, பாட்டின் உச்சத்தில் பாட்டே திருடுபோகிறது. இசைப் படத்துக்கு இதைவிடப் பொருத்தமான விலை இருக்க முடியாது என்றே தோன்றுகிறது. இந்த இடத்தை வெட்டிவிட்டுப் படத்தை ஓட்டினால், அடுத்த காட்சியில் ஏரியல் ஏன் ஊமையாக இருக்கிறாள் என்று யாருக்கும் புரியாது.

உர்சுலாவுக்குக் குரல் கொடுத்த பாட் கரோல் தேர்ந்த மேடை நடிகை. பாட்டை ஒருமுறை நடித்துப் பாடிக் காட்டும்படி ஆஷ்மனையே கேட்டார். ஆஷ்மன் காட்டிய தோரணையையும் இழுவைகளையும் அப்படியே எடுத்துக்கொண்டதைப் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார்.

பாட்டு கதையோடு இப்படிப் பின்னிவிட்டால், கதை மாறும்போது பாட்டும் மடிய வேண்டியிருக்கும். ‘அலாதீன்’ படத்துக்காக ஆஷ்மன், ‘ப்ரௌட் ஆஃப் யுவர் பாய்’ என்று ஒரு பாட்டு எழுதினார். மகன் தாயிடம், உன்னைப் பெருமைப்பட வைப்பேன் என்று பாடுவது. ஆஷ்மன் 1991 மார்ச்சில் காலமானார். அதன்பின் கதையைத் திருத்தியபோது தாய் பாத்திரமே வேண்டாம் என்று முடிவானது. பாட்டு எவ்வளவு நன்றாக இருந்தாலும் பாடுவதற்கு ஆள் இல்லை. 1992இல் வெளியான படத்தில் அது இல்லை. பல ஆண்டுகள் கழித்து மேடை நாடகமாக வந்தபோதுதான் மீண்டும் இடம்பிடித்தது.

இதற்கு நேர் எதிராக, பாட்டுக்காகக் கதை வளைந்ததும் உண்டு. 2013இல் வந்த ‘ஃப்ரோசன்’ படத்தின் எல்சா, தொடக்கக் கட்டங்களில் வில்லியாகத்தான் யோசிக்கப்பட்டாள். கிறிஸ்டன் ஆண்டர்சன்-லோபஸ், ராபர்ட் லோபஸ் தம்பதி ‘லெட் இட் கோ’ எழுதி அனுப்பினார்கள். பயந்து ஒடுங்கியிருந்த ஒரு பெண்ணின் உள்ளிருந்து வந்த பாட்டு அது. அதைக் கேட்டபின் எல்சாவை வில்லியாக வைத்திருக்க முடியவில்லை. இயக்குநர்கள் கிறிஸ் பக்கும் ஜெனிஃபர் லீயும் அந்தப் பாட்டுக்குப் பொருந்தும்படி கதையைத் திரும்ப எழுத வேண்டியதாயிற்று.

அந்தப் பாட்டின் முடிவை மட்டும் இங்கே சொல்ல வேண்டும். எல்சா மிச்சமிருந்த ஒரு கையுறையை எறிகிறாள், பனிப்படி கட்டுகிறாள், அரண்மனை எழுப்புகிறாள், கிரீடத்தை வீசுகிறாள், விடிகிறது. எல்லாம் விடுதலையின் அடையாளம். உச்ச சுருதியில் முடித்துக் கைதட்டல் வாங்குவதுதான் எளிய வழி. அவர்களோ குரலைச் சட்டென்று தாழ்த்தி, பேச்சுபோல ஒரு வரி சொல்லவிட்டு, பார்ப்பவரின் முகத்துக்கு நேராகக் கதவைச் சாத்தவைக்கிறார்கள். சிறு வயதிலிருந்து தங்கையைத் தடுத்துவந்த மூடிய கதவு, இப்போது மலையுச்சியில் பனியில். விடுதலை என்று அவள் பாடியதும் இன்னொரு சிறைதான் என்பதை அந்தக் கதவு சொல்லிவிடுகிறது. தங்கை ஏறிவந்து தட்ட வேண்டிய கதவும் அதுவே.

இந்தக் கட்டுமானம் மொழி மாறும்போது என்ன ஆகும் என்பதைத் தமிழ் ரசிகர்கள் நேரில் பார்க்க முடிந்தது. 2019இல் ‘ஃப்ரோசன் 2’ தமிழில் வந்தபோது எல்சாவுக்கு ஸ்ருதி ஹாசன் குரல் கொடுத்தார், பாடவும் செய்தார். அதன் முக்கியப் பாட்டான ‘இன்டு தி அன்னோன்’ ஒரு மறுப்பில் தொடங்குகிறது. தனக்கு மட்டும் கேட்கும் ஒரு குரலிடம், நான் வர மாட்டேன் என்கிறாள் எல்சா. நடுவில், வர வேண்டும் என்ற ஆசை உள்ளுக்குள் இருப்பதை ஒப்புக்கொள்கிறாள். முடிவில் அந்தக் குரலைத் துரத்திக்கொண்டே ஓடி, உறங்கிக் கிடந்த இயற்கைச் சக்திகளை எழுப்பிவிடுகிறாள், ஊரே காலிசெய்ய வேண்டியதாகிறது. தமிழில் எழுதுகிறவர் இந்த மூன்று படிகளையும் அதே இடங்களில் வைத்தாக வேண்டும். படம் ஏற்கெனவே வரைந்து முடிந்துவிட்டது, முகபாவம் மாறும் நொடியும் தீர்ந்துவிட்டது. முகம் நெருக்கமாகத் தெரியும் ஷாட்டில் உதடு ஒட்டினால் ப, ம போன்ற எழுத்து அங்கே விழ வேண்டும். வாய் திறந்தே நீளும் இடத்தில் ஆ, ஓ என்று இழுக்கக்கூடிய நெடில் வேண்டும், மெய்யில் முடியும் சொல் உதவாது. தலைப்புச் சொல் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஏறிக்கொண்டே வரும். தமிழில் எடுக்கும் சொல் அந்த ஏற்றத்தைத் தாங்க வேண்டும்.

இத்தனை நெருக்கடிக்கு நடுவே, ஓசைக்கு இனிமையாக இருக்கிறதே என்று முதல் சரணத்திலேயே ஏக்கத்தைக் கசியவிட்டால் போயிற்று. ‘வர மாட்டேன்’ என்பது முதலில் உறுதியாகக் காதில் விழுந்தால்தான், பின்னால் அவள் ஓடிவரும்போது எதை மீறி ஓடுகிறாள் என்று முன்வரிசைக் குழந்தைக்குப் புரியும்.